அப்பத்தா இருக்கும் திசைதான் கீழ்: அனிமேஷன் கதையில் கனவுக் காட்சி எழுதும் முறை

கனவுக் காட்சி எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். கனவுதானே, எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று மீனைப் பறக்கவிடுவார்கள், கதவைப் பேசவைப்பார்கள், வீட்டை உருகவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் அழகாகவே இருக்கும். ஆனாலும் அரை நிமிடத்தில் பார்ப்பவருக்கு அலுத்துவிடும். எது வேண்டுமானாலும் நடக்கும் என்றால், அடுத்து என்ன ஆகுமோ என்று பயப்பட அவருக்குக் காரணமே இல்லை. இயற்பியலை எப்படி வேண்டுமானாலும் வளையுங்கள். ஆனால் ஒருமுறை வளைத்துவிட்டால், காட்சி முடியும்வரை அது அப்படியேதான் நடந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரே ஒரு கனவை எடுத்து, வெறும் தாளிலிருந்து திரைக்கதைப் பக்கம் வரை கொண்டுபோகிறேன். கதை நடப்பது ஒரு செட்டிநாட்டு வீட்டில். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இன்னும் நிற்கும் பெரிய வீடுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயது உமையாள் விடுமுறைக்கு அங்கே வந்திருக்கிறாள். மறுநாள் காலை அப்பச்சி, அதாவது அவள் அப்பா, வீட்டைப் பூட்டிவிட்டு அப்பத்தாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகப்போகிறார். அன்றிரவு அவள் காணும் கனவைத்தான் எழுதப்போகிறோம்.

முதலில் விழித்திருக்கும் காட்சி

கனவில் வரும் பொருள்கள் அதற்கு முன்பே பகலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கனவு நடக்கும்போதே, இது என்ன, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர் தேடிக்கொண்டிருப்பார். அதனால் கனவை எழுதும் முன் பகல் காட்சியை எழுதி, அதில் நான்கு பொருள்களை வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

முதலாவது, வரிசையாக நிற்கும் வாசல்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வாசல்கள் நேர்க்கோட்டில் இருப்பதால் முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் வரை தெரியும். பகலில் உமையாள் முகப்பிலிருந்து “அப்பத்தா!” என்று கத்துகிறாள், அத்தனை வாசல்களையும் தாண்டி அடுப்படியிலிருந்து பதில் வருகிறது. இந்த ஒரு ஷாட்டே வீட்டின் வரைபடத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது, வளவில் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல். மூன்றாவது, சுவரில் அடித்த தண்டில் எரியும் விளக்கு. முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று. நான்காவது ஒரு கோலிக்குண்டு. அவள் அதை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்கிறாள். மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தரையில் விட்டிருக்கும் லேசான சரிவில் அது தானாக உருண்டு, முற்றத்து ஓரம் போய் நிற்கிறது.

நான்கு பொருளுக்கும் பகலிலேயே ஒரு வேலை கொடுத்துவிட்டோம். கேமரா சும்மா காட்டிவிட்டுப் போன பொருள் யாருக்கும் நினைவில் நிற்காது.

விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

விதி பாத்திரத்தின் பயத்திலிருந்து பிறக்க வேண்டும். உமையாளின் பயம் எளிமையானது. அப்பத்தா போய்விட்டால் இந்த வீட்டைப் பிடித்துவைத்திருப்பது எது? அதையே இயற்பியலாக மாற்றினால் விதி கிடைத்துவிடும்: *அப்பத்தா இருக்கும் திசைதான் கீழ். அவர் விலக விலக எடை குறையும்.*

இந்த வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதி ஒட்டுங்கள். விதி நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீங்கள் எழுதாத ஒரு ஷாட்டை ஓவியரிடம் சொல்லிப் பாருங்கள்: “அப்பத்தா மாடிக்குப் போகிறார், வளவில் உமையாள் நிற்கிறாள்.” உங்களிடம் எதுவும் கேட்காமல் அவரால் அதை வரைய முடிந்தால் விதி போதும். இங்கே முடியும், அவள் கூரையை நோக்கி விழுவாள். “கனவில் எல்லாம் மிதக்கும்” என்பது இந்தச் சோதனையில் தேறாது. எது மிதக்கும், எந்தப் பக்கம் போகும், எப்போது நிற்கும் என்று ஓவியர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அடுத்து, விதி எதைத் தொடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பூமியின் ஈர்ப்பு இந்தக் கனவில் கிடையாது, அப்பத்தாவின் ஈர்ப்பு மட்டும்தான். அப்பத்தாவை இந்த விதி கட்டுப்படுத்தாது. அவர் வழக்கம்போல் தரையில் உட்காருவார், நடப்பார். நேரம், ஒலி, பொருள்களின் வடிவம் எதுவும் மாறாது. கதவு பேசாது. இரண்டாவது அதிசயம் ஒன்று உள்ளே நுழைந்த கணமே முதல் அதிசயத்தின் பலம் போய்விடும். அதனால் இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன்.

எடையைக் கணக்கிடுங்கள்

கணக்கு பிடிக்காதவர்களும் இதைத் தாண்டிப் போக வேண்டாம். காட்சியின் வேகம் இங்கேதான் முடிவாகிறது.

கனவு தொடங்கும்போது அப்பத்தா அடுப்படியில் இருக்கிறார். அவரைச் சுற்றிப் பத்து மீட்டர் வரை சாதாரண எடை. வளவின் நடு இருபது மீட்டரில், முகப்பு நாற்பது மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இருமடங்கானால் எடை கால் பங்காகும். நியூட்டனின் ஈர்ப்பு விதியும் இதையேதான் சொல்கிறது. ஆக வளவில் எடை கால் பங்கு, முகப்பில் பதினாறில் ஒரு பங்கு. முப்பது கிலோ உமையாள் முகப்பில் இரண்டு கிலோவுக்கும் குறைவாக இருப்பாள், இரண்டு விரலால் வாசல் நிலையைப் பிடித்துத் தொங்கலாம். வளவில் ஏழரைக் கிலோ. அடுப்படியில் முழு முப்பது.

இப்போது நேரம். சாதாரண எடையில் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ ஏறக்குறைய அரை விநாடி ஆகும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம். எடை கால் பங்கானால் அதே தூரத்துக்கு நேரம் இருமடங்கு, அதாவது 24 ஃப்ரேம். முகப்பில் நான்கு மடங்கு, 48 ஃப்ரேம். ஊஞ்சலுக்கும் இதே மடங்குதான். இரண்டரை மீட்டர் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் சாதாரணமாக ஒருமுறை போய்வர மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். வளவில் கால் எடை என்பதால் ஆறு விநாடிக்கு மேல் எடுக்கும். புதியவர்களின் ஸ்டோரிபோர்டில் அடிக்கடி கண்ணில் படும் தவறு இதுதான். உமையாள் மெதுவாக விழுவாள், பின்னால் ஊஞ்சல் வழக்கமான வேகத்தில் ஆடும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. எடை குறைந்தாலும் பொருளின் நிறை குறையாது. கால் எடையில் மெல்ல மிதந்து வரும் தேக்குப் பலகையை நிறுத்துவது, சாதாரண உலகில் அதே வேகத்தில் வரும் பலகையை நிறுத்துவது போலவே கடினம். ஊஞ்சல் பலகை உமையாளின் தோளில் மோதினால் அவள் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும். பஞ்சு பட்டதுபோல் வரைந்தால் பாரம் முழுவதும் காணாமல் போய்விடும்.

வீட்டைக் கணக்கெடுங்கள்

இனி ஒவ்வொரு கட்டாக மனதுக்குள் நடந்து, இந்த விதியின் கீழ் எது என்ன ஆகும் என்று எழுதுங்கள். தொங்குவது, எரிவது, ஊற்றுவது, சும்மா கிடப்பது என்று நான்கு வகையாகப் பிரித்தால் போதும்.

ஊஞ்சல் தரைக்கு இணையாகச் சாய்ந்து, சங்கிலி அடுப்படியைச் சுட்டியபடி நிற்கும். கீழ் எது என்று பார்ப்பவருக்குச் சொல்லும் கருவி இதுதான். விளக்கின் சுடர் எதிர்ப்பக்கம், வாசலை நோக்கிச் சாயும். சூடான காற்று எடைக்கு எதிர்த்திசையில்தான் எழும். எடை மிகக் குறைந்த இடத்தில் சுடர் கூர் மழுங்கி உருண்டு போகும். எடையே இல்லாத இடத்தில் தீ உருண்டையாக எரியும் என்பது விண்வெளிச் சோதனைகளில் பார்த்த உண்மை. ஆகவே முகப்பு விளக்கு உருண்டையாகவும் வளவு விளக்கு நீண்டும் இருக்கும். ஊஞ்சல் திசையைச் சொல்லிவிடும், விளக்கு அளவைச் சொல்லிவிடும். வசனம் எதுவும் தேவைப்படாது. முற்றத்தில் தரையோடு பதித்து நிமிர்ந்து நிற்கும் அண்டாவில் தண்ணீர் தங்காது, வாய் வழியாக வழிந்து அடுப்படிப் பக்கம் ஓடிவிடும்.

சும்மா கிடக்கும் பொருள்களுக்கு வரும்போதுதான் விதி நமக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறது. தரையை நோக்கி இழுக்கும் எடை இல்லாததால் தரையில் உராய்வும் கிடையாது. அப்படியானால் கட்டிப்போடாத எந்தப் பொருளும் இருந்த இடத்தில் நிற்காது. பித்தளைக் குடம், கொட்டான், தகரப்பெட்டி, பாய், தலையணை எல்லாம் கனவு தொடங்கும் முன்பே வாசல்கள் வழியாக விழுந்து அடுப்படியில் குவிந்திருக்கும். முகப்பும் வளவும் காலி. சுவரில் ஆணியடித்த படங்கள் மட்டும் சட்டம் வெளியே நீட்டியபடி தொங்கும். இந்த வீட்டின் நூறு வருடச் சாமான்கள் முழுவதும் அப்பத்தாவைச் சுற்றி மலையாகக் கிடக்கின்றன, அவர் எங்கோ நடுவில் இருக்கிறார்.

இந்தப் படத்தை நான் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை, விதியே கொடுத்தது. கணக்கெடுப்பை முழுதாகச் செய்தால் கனவின் மையக் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் வெளிவரும். பாதியில் விட்டால் கிடைக்காது.

ஷாட்டுகளைச் சங்கிலியாகக் கோர்த்துவிடுங்கள்

ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு சிறு அட்டையில் எழுதுங்கள். எட்டு, ஒன்பது அட்டை போதும். பிறகு அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள். கலைத்த வரிசையிலும் கதை ஓரளவு சரியாகவே இருக்கிறது என்றால் அது வெறும் காட்சித் தொகுப்பு. ஒரு அட்டையை நகர்த்தினாலே அடுத்தது நடக்க முடியாமல் போனால்தான் சங்கிலி.

நம் கனவில் வரிசை இப்படிப் போகிறது. உமையாள் முகப்பில் தூணைக் கட்டிப்பிடித்தபடி கண் திறக்கிறாள். வீடு காலி. உள்ளங்கையை விரிக்கிறாள். கோலிக்குண்டு கையைவிட்டு மெல்ல நகர்ந்து, வாசல் வாசலாகத் தாண்டி, வேகம் பிடித்து, தூரத்தில் டங்கென்று பித்தளையில் மோதுகிறது. அந்தச் சத்தத்துக்கு அப்பத்தாவின் குரல் பதிலாக வருகிறது. குரல் வந்ததால் அவள் தூணை விடுகிறாள். முகப்பில் மிதப்பது சுகமாக இருக்கிறது. ஆனால் அடுப்படியை நெருங்க நெருங்க வேகம் ஏறுகிறது. எதையும் பிடிக்காமல் விழுந்தால் அடுப்படி வாசலை அடையும்போது விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகம் இருக்கும். இரண்டு மாடி உயரத்திலிருந்து குதித்த வேகம் அது. அதனால் வளவில் ஊஞ்சல் சங்கிலியைப் பாய்ந்து பிடிக்கிறாள். அங்கிருந்து நிலை, தூண், நிலை என்று இறங்குகிறாள். ஒவ்வொரு கட்டிலும் உடம்பு கனத்துக்கொண்டே போகிறது, விரல்கள் நடுங்குகின்றன. அப்பத்தாவை நெருங்குவதற்கு இதுதான் விலை. திரும்பி ஏறுவது இன்னும் கடினம் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

குவியலின் மேல் இறங்கிக் குடங்களை விலக்கும்போது, அப்பத்தா எழுந்து பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கி நடக்கத் தொடங்குகிறார். அவர் பின்னால் விழும் குவியல் பின்வாசல் நிலையில் சிக்கிக்கொள்கிறது; அவர் வெகுதூரம் விலகி எடை குறைந்த பிறகுதான் அது இளகுகிறது. குடங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரிந்து, மெதுவாகப் பின்வாசலை நோக்கிப் புறப்படுகின்றன. உமையாளும் அவற்றோடு நகர்கிறாள், ஆனால் அவளை இழுக்கும் எடை ஒவ்வொரு நொடியும் குறைகிறது. அப்பத்தா நடந்தே போனாலும் அவளால் எட்ட முடியவில்லை. பின்வாசல் நிலையைக் கடக்கும்போது எடை ஏறக்குறைய இல்லை. கனவு அங்கே முடிகிறது.

விழுந்து திடுக்கிட்டு விழிப்பதை எழுதாதீர்கள். விதி தன் கடைசி விளைவைக் கொடுத்துவிட்டது, இனி அதனிடம் புதிதாக எதுவும் இல்லை. வெட்டவேண்டிய இடம் அதுதான்.

கேமராவைப் பற்றித் திரைக்கதையிலேயே சொல்லுங்கள்

பொதுவாகக் கேமராவை எழுத்தாளர் தொடக் கூடாது என்பார்கள். இந்த வகைக் கனவில் தொட்டே ஆக வேண்டும். காரணம் இது: ஈர்ப்போடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிவிட்டால், திரையில் தெரிவது ஒரு சிறுமி கிணற்றில் இறங்கும் சாதாரணக் காட்சி. வளைந்த இயற்பியல் கண்ணுக்கே தெரியாது. அதனால் வீட்டின் தரை படத்தின் அடியில் இருக்கும்படி, வீட்டோடு நிமிர்ந்தே கேமராவை வையுங்கள். ஒரே ஒரு முறை மட்டும் அதைத் திருப்பலாம். வளவில் சங்கிலியைப் பிடித்தபின் உமையாள் முதன்முதலாக அடுப்படிப் பக்கம் பார்த்துப் பயப்படும் கணம் அது. அப்போது வாசல்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஆழமான கிணறாகத் தெரியட்டும். இரண்டு விநாடி போதும், பிறகு பழைய கோணத்துக்கு வந்துவிடுங்கள்.

பக்கத்தில் எழுதும்போது

“மாயமாக”, “விசித்திரமாக”, “கனவுபோல” என்ற சொற்களை அடித்துவிடுங்கள். ஓவியரால் அவற்றை வரைய முடியாது. எது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் எழுதுங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

> கனவு. முகப்பு. இரவு.
>
> கேமரா வீட்டோடு நிமிர்ந்து. உமையாள் தூணைக் கட்டிப்பிடித்திருக்கிறாள். கால்கள் தரையில் இல்லை; உடம்பு கிடைமட்டமாக, பாதம் உள்வாசலை நோக்கி. அவிழ்ந்த கூந்தலும் அதே பக்கம். சுவர் விளக்கில் சுடர் உருண்டையாக, தெருவாசல் பக்கம் சற்றுத் தள்ளி.
>
> உள்ளங்கையை விரிக்கிறாள். கோலிக்குண்டு நகர்கிறது. முதல் 1.2 மீட்டருக்கு 48 ஃப்ரேம். பிறகு வேகம் பிடிக்கிறது. ஒரு வாசல். இன்னொரு வாசல். இருட்டு.
>
> தூரத்தில் பித்தளைச் சத்தம்.
>
> உமையாள்: அப்பத்தா, எங்கன இருக்கீக?
>
> அப்பத்தா (குரல் மட்டும்): இங்கனதான் ஆத்தா இருக்கேன். பைய வா.

“பைய வா” பாசத்தில் சொல்வதுபோலத்தான் கேட்கும். வளவைத் தாண்டிய பிறகுதான் அது எச்சரிக்கையும்கூட என்று பார்ப்பவருக்குப் புரியும். விதியை விளக்கும் வசனம் மட்டும் வேண்டவே வேண்டாம். “ஐயோ, நான் பக்கவாட்டில் விழுகிறேனே” என்று அவள் சொன்னால் ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் வேலை இல்லாமல் போகும்.

விழித்த பிறகு கனவை யாரிடமும் அவள் சொல்லக் கூடாது. ஒரு செயல் போதும். காலையில் கார் நிற்கிறது, சாமான் ஏறுகிறது. உமையாள் ஊஞ்சல் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, “அப்பச்சி, இதையும் ஏத்துங்க” என்கிறாள். பலகை கனமாக இருப்பது அவள் கையில் தெரியட்டும்.

கடைசிச் சோதனை

ஸ்டோரிபோர்டு படங்கள் தயாரானதும், கதையைக் கேள்விப்படாத ஒருவரைக் கூப்பிடுங்கள். பகல் காட்சியை வரிசையாகக் காட்டி, கனவின் முதல் மூன்று படங்களையும் காட்டுங்கள். மீதிக் கனவுப் படங்களை ஒவ்வொன்றாக நீட்டி, அப்பத்தா படத்தில் இல்லாத இடங்களிலும் “அப்பத்தா எந்தப் பக்கம் இருக்கிறார்?” என்று மட்டும் கேளுங்கள். யோசிக்காமல் விரலை நீட்டினால் அந்தப் படம் சரி. தயங்கினால் அந்தப் படத்தில் தொங்குவதோ எரிவதோ ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கூந்தல் நுனியையோ பாவாடை ஓரத்தையோ கூட்டி வரையச் சொல்லுங்கள். தவறான பக்கம் காட்டினால் அனேகமாக ஓவியர் பழக்கத்தில் எதையாவது தரையை நோக்கித் தொங்கவிட்டிருப்பார். பெரும்பாலும் அது சடையாகவோ, சங்கிலியில் ஆடும் பதக்கமாகவோ, கண்ணிலிருந்து வழியும் கண்ணீராகவோ இருக்கும். கண்ணீரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அடுப்படியை நோக்கி முகம் திருப்பி அழுதால், கண்ணீர் கன்னத்தில் வழியாமல் கண்ணிலிருந்து நேரே அடுப்படிப் பக்கம் போக வேண்டும்.